45 நொடியில் ஒரு கட்டில் கதை: திருப்பத்தோடு முடியும் குறுநாடக விளம்பரத்தை எழுதுவது எப்படி?

விளம்பரம் என்றே தெரியாமல் ஒரு சின்னக் கதை ஓடும். யாரோ எதையோ விரும்புவார்கள், ஏதோ தடுக்கும், கடைசியில் எதிர்பாராத ஒன்று நடக்கும். அந்த நிமிடத்தில்தான் இது ஒரு மரச்சாமான் நிறுவனத்தின் விளம்பரம் என்று புரியும். இதைத்தான் குறுநாடக விளம்பரம் என்கிறோம். கைப்பேசியில் நூறு பகுதிகளாக ஓடும் செங்குத்துத் தொடர்களையும் இப்போது குறுநாடகம் என்கிறார்கள். அது வேறு. இங்கே கதை ஒன்றுதான், 45 நொடியில் முடிந்துவிடும்.

புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் திருப்பத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். கணவனும் மனைவியும் பிரியப்போவதுபோலப் பேசுவார்கள்: "இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன், இனிமே முடியாது." கடைசியில் பார்த்தால் பழைய சோபாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள். சிரிப்பு வரும், ஆனால் விளம்பரம் மனத்தில் நிற்காது. சோபா இருந்த இடத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரையோ குளிர்சாதனப் பெட்டியையோ வைத்துப் பாருங்கள். வசனத்தில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை. பொருளை மாற்றினாலும் கதை அப்படியே ஓடுகிறது என்றால், அந்தக் கதைக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தமே இல்லை. பார்த்தவருக்குக் கதை நினைவிருக்கும், கடையின் பெயர் நினைவிருக்காது.

ஆகவே முதலில் தேட வேண்டியது, அந்தப் பொருள் செய்கிற ஒரே ஒரு வேலையை. "அழகு, தரம், வசதி" என்று மூன்றைப் பிடித்தால் 45 நொடி போதாது. ஒன்றை மட்டும் எடுப்போம். விளம்பரம் கேட்பவர் கட்டில் செய்கிறவர், அவருடைய கட்டில் படுத்து எழும்போது கிரீச்சிடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டில் ஏன் கிரீச்சிடுகிறது என்பதை எழுதுகிறவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது, பின்னால் காட்சிக்கு உதவும். தலைமாட்டுக் காலும் நீளச் சட்டமும் சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்தால் மரமும் மரமும் உரசும். குறுக்குப் பலகைகள் சட்டத்தின் மேல் நேரடியாக உட்கார்ந்திருந்தால், ஆள் புரளும்போது அவையும் உரசும். கோடையில் மரம் வற்றிச் சுருங்குவதால், மழைக்காலத்தில் இறுக்கமாக இருந்த இணைப்பும் லேசாக ஆடத் தொடங்கும். நல்ல தயாரிப்பாளர் இணைப்பை மறுபடி முடுக்கக்கூடிய போல்ட்டால் பூட்டுவார். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஃபெல்ட் துணியோ ரப்பர் பட்டையோ ஒட்டுவார். அவ்வளவுதான் தொழில்நுட்பம். விளம்பரத்தில் இதற்கு ஒன்றரை நொடிக்கு மேல் தேவையில்லை.

அடுத்த கேள்வி: கட்டில் சத்தம் போடாமல் இருப்பது யாருக்கு மிகவும் தேவை? "நிம்மதியாகத் தூங்க நினைப்பவருக்கு" என்பது முதலில் தோன்றும் பதில். அதில் நாடகம் இல்லை, தூங்குகிறவர் எதையும் செய்வதில்லை. யாருக்கும் தெரியாமல் எழுந்து போக வேண்டியவர் ஒருவர் இருந்தால்? அங்கே ஆசை இருக்கிறது, தடை இருக்கிறது, பிடிபடும் பயம் இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, முறுக்கு டப்பா நிறைந்திருக்கும் வீட்டில் ஓர் அப்பத்தா. கதை இங்கிருந்து தானாக வரும்.

நொடிக் கணக்கோடு முழுக் கதையும் இது:

0–5. அடுக்களை, பகல். மருமகள் எவர்சில்வர் டப்பாவை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறாள். "தீபாவளிக்கு முன்னாடி யாரும் இதத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்." அப்பத்தாவும் பத்து வயதுப் பேத்தியும் டப்பாவையே பார்க்கிறார்கள்.

5–14. இரவு. கட்டிலிலிருந்து அப்பத்தாவின் கால் மெல்லத் தரையைத் தொடுகிறது. கிரீச். எதிர் அறைக் கதவின் அடியில் விளக்கு வெளிச்சம் பளிச்சென்று வருகிறது. உள்ளிருந்து குரல்: "அத்தை, என்ன வேணும்?" "ஒண்ணுமில்ல தாயி, புரண்டு படுத்தேன்." கால் மேலே போய்விடுகிறது.

14–21. இன்னோர் இரவு. அதே கோணம், அதே கால். தரையைத் தொடுகிறது. அப்பத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவடியைப் பார்க்கிறாள். இருட்டாகவே இருக்கிறது. இன்னொரு காலையும் வைக்கிறாள். அப்போதும் இருட்டுதான்.

21–28. கூடத்தைக் கடந்து அடுக்களை. அலமாரியின் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கிறது. மேல்தட்டைத் தடவும் கைக்கு டப்பா தட்டுப்படவில்லை.

28–32. திரும்புகிறாள். மூலையில் தரையில் பேத்தி, மடியில் டப்பா. கடித்தால் சத்தம் வரும் என்று முறுக்கை வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டிருக்கிறாள்.

32–36. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அப்பத்தா கிசுகிசுப்பாக: "உனக்கும் புதுக் கட்டிலா?" பேத்தி தலையாட்டுகிறாள்.

36–42. காலை வெளிச்சத்தில் இரண்டு புதுக் கட்டில்கள். பலகைக்கு அடியில் ஃபெல்ட் பட்டை ஒரு கணம் தெரிகிறது. நிறுவனத்தின் பெயர். "யாரையும் எழுப்பாத கட்டில்."

42–45. பெயர் திரையில் இருக்கும்போதே இருட்டு. "மொறுக்!" விளக்கு எரிகிறது. மருமகளின் குரல்: "யாரு அடுக்களையில?"

கதையில் பேசப்படும் சொற்கள் மொத்தம் 18. இது தற்செயல் இல்லை. தமிழை இயல்பாகப் பேசினால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சொல்தான் போகும். 45 நொடியையும் பேச்சால் நிரப்பினால் 90 சொல் வரும், ஆனால் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மொத்தச் சொற்கள் 35-ஐத் தாண்டினாலே நடிப்பு நசுங்கத் தொடங்கும். எழுதி முடித்ததும் கையில் நிறுத்துகடிகாரம் வைத்துக்கொண்டு, சைகைகளையும் செய்தபடி உரக்கப் படித்துப் பாருங்கள். மனத்துக்குள் படித்தால் 45 நொடியாகத் தோன்றுவது செய்துபார்த்தால் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். அப்பத்தா கட்டிலிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தாளில் யாரும் சரியாகக் கணிப்பதில்லை.

திருப்பம் எந்த நொடியில் விழ வேண்டும்? இந்தக் கதையில் பேத்தி 28-ஆவது நொடியில் தெரிகிறாள், வசனம் 33-ஐ ஒட்டி வருகிறது. பின்னால் ஏறக்குறைய பன்னிரண்டு நொடி மீதி இருக்கிறது. திருப்பத்தை 41-க்குத் தள்ளினால் சிரித்து முடிப்பதற்குள் விளம்பரம் முடிந்துவிடும், நிறுவனத்தின் பெயரை யாரும் படிக்க மாட்டார்கள். 20-இலேயே வைத்தால் மீதி 25 நொடியும் பொருள் விற்பனையாகிவிடும், கை தானாகத் தள்ளிவிடும். 30-க்கும் 35-க்கும் இடையில் வைப்பது பாதுகாப்பானது. வசனத்துக்கு முன் ஒரு முழு நொடி மௌனம் வேண்டும். நொடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்தொகுப்பில் அது 25 சட்டகம். அதை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது கேட்பார்கள், விடாதீர்கள். அந்த மௌனத்தில்தான் பார்ப்பவர் "இவளும் எப்படி மாட்டிக்கொள்ளாமல் வந்தாள்?" என்று கேட்டுக்கொள்கிறார். கேள்வி வந்த பிறகு பதில் வந்தால்தான் சிரிப்பு.

நியாயமான திருப்பத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. மறுபடி பார்க்கும்போது எல்லாத் தடயமும் முன்பே திரையில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் இரவில் கட்டில் மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சட்டகத்தில் கட்டிலின் கால் தெரிகிறது. முதல் இரவில் கடைசல் வேலை செய்த உருண்டைக் கால், இரண்டாம் இரவில் சதுரக் கால். போர்வை மட்டும் அதேதான், அதனால் கண் ஏமாறும். கட்டிலடியில் பொதிந்துவந்த அட்டைத் துண்டு ஒன்று சுருண்டு கிடக்கலாம். முதல் தடவை பார்க்கும்போது பத்தில் ஒருவர் கவனித்தால் போதும். எல்லோரும் கவனித்தால் தடயம் அதிகம். இரண்டாம் தடவையிலும் ஒருவரும் கவனிக்கவில்லை என்றால் தடயமே இல்லை, அது ஏமாற்று.

இந்த வகையில் எல்லோரும் படித்துப் பார்க்கிற ஓர் எடுத்துக்காட்டு, ஐக்கியா நிறுவனத்துக்காக ஸ்பைக் ஜோன்ஸ் 2002-இல் இயக்கிய மேசைவிளக்கு விளம்பரம். நீளம் ஒரு நிமிடம். ஒரு பெண் பழைய விளக்கைத் தெருவோரக் குப்பையருகே வைத்துவிட்டுப் போகிறாள். மழை பெய்கிறது, சோகமான இசை, சன்னலுக்குள் புது விளக்கு எரிகிறது. நமக்கு விளக்கின் மேல் இரக்கம் வரும் நேரத்தில் ஒருவர் மழையில் வந்து நின்று, விளக்குக்கு உணர்ச்சி கிடையாது, புதியது இதைவிட நல்லது என்று நேராகச் சொல்லிவிடுகிறார். திருப்பம் கதாபாத்திரத்துக்கு நடக்கவில்லை, நமக்கு நடக்கிறது. பழைய பொருளை விட மனம் வராமல் இருப்பதுதான் மரச்சாமான் கடைக்கு உண்மையான எதிரி என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தத் திருப்பம் வேறு பொருளுக்கு எளிதில் இடம் மாறாது.

நம் கட்டில் கதைக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. முழுக் கதையும் சத்தத்தில் நிற்கிறது, ஆனால் கைப்பேசியில் பலர் ஒலியை அணைத்துவைத்தே பார்க்கிறார்கள். கிரீச் கேட்காவிட்டால் ஒரு பாட்டி காலை இறக்குகிறாள், ஏற்றுகிறாள், அவ்வளவுதான். அதற்காகத்தான் கதவடி வெளிச்சம். சத்தத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக மாற்றியாயிற்று: கட்டில் முனகினால் விளக்கு எரியும், முனகாவிட்டால் எரியாது. இந்த விதியை முதல் இரவிலேயே பார்ப்பவர் கற்றுக்கொள்கிறார், இரண்டாம் இரவில் இருட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறார். வசனங்களுக்கு எழுத்து போடுங்கள். முதல் இரவில் "கிரீச்" என்றும் கடைசியில் "மொறுக்" என்றும் ஒலிக்குறிப்பு வரலாம். இரண்டாம் இரவில் "சத்தமில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் பார்ப்பவரே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒலியோடு பார்ப்பவருக்கும் ஒரு கவனிப்பு வேண்டும். கட்டில் சத்தம் போடாத காட்சியில் ஒலித்தடத்தை முற்றிலும் வெறுமையாக்கினால், கைப்பேசியில் ஒலி போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். நிசப்தம் உணரப்பட வேண்டுமானால் அதைச் சுற்றிச் சின்னச் சத்தங்கள் இருக்க வேண்டும்: சுவர்க்கடிகாரம், மின்விசிறி, தூரத்தில் ஒரு நாய். படப்பிடிப்பன்று எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அறையின் வெற்று ஒலியை முப்பது நொடியாவது தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். பின்னணி இசை 36-ஆவது நொடி வரை வேண்டாம். பதற்றத்துக்கு இசை போட்டால் எந்த நிசப்தத்தை விற்க வந்தோமோ அதையே மூடிவிடும்.

ஒரு நேர்மைப் பிரச்சினையும் இங்கே இருக்கிறது. விற்கப்போகும் கட்டில் படப்பிடிப்பில் முனகினால், ஒலியமைப்பில் அந்த முனகலை அழித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பொருளின் வேலையைக் காட்டும் காட்சியில் வேலையைப் பொய்யாக்குவது தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகளும், இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறையும் இதை அனுமதிப்பதில்லை. போல்ட்டைச் சரியாக முடுக்கி, கட்டிலைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலே நல்ல கட்டிலும் முனகும். அப்படியும் முனகினால் இந்தக் கதை அந்தக் கட்டிலுக்கு உரியது இல்லை. "ஒருபோதும் கிரீச்சிடாது", "வாழ்நாள் முழுக்க" போன்ற வரிகளையும் தவிர்க்கலாம். கையில் சோதனைச் சான்று இல்லாமல் அப்படிச் சொல்ல முடியாது.

படமெடுக்கும்போது அதிகம் பிழையாவது இரண்டு இரவுகளின் ஒரேமாதிரிக் கோணம். முதல் இரவுக் காட்சிகளையெல்லாம் பழைய கட்டிலில் எடுத்து முடித்துவிட்டுத்தான் கட்டிலை மாற்றுவார்கள். அதற்குள் கேமராக் கால்களின் இடத்தைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து லென்சின் உயரத்தை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கட்டில்களின் உயரத்தையும் முன்பே அளக்க வேண்டும். புதியது இரண்டு அங்குலம் உயரமாக இருந்தால் கால் வந்து விழும் இடமும் மாறும், அப்பத்தாவின் குதிகால் தரையைத் தொடாமல் தொங்கும். மெத்தையின் தடிமனைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிக்கட்டலாம். இரண்டு சட்டகங்களும் பொருந்தாவிட்டால் "அதே இடம், அதே முயற்சி" என்ற எண்ணம் வராது, வித்தியாசம் எது என்ற கேள்வியும் எழாது.

இரவு என்பதற்காக அறையை உண்மையிலேயே இருட்டாக்கிவிடவும் கூடாது. சன்னல் வழியே நீலம் கலந்த வெளிச்சம் விழட்டும், முகத்தின் ஒரு பக்கமாவது தெரிய வேண்டும். எடுத்ததைக் கைப்பேசியில் திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பேருந்தில் வெயிலில் பார்ப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும். அதில் கட்டிலின் கால் வடிவம் தெரியவில்லை என்றால் விளக்கைக் கூட்ட வேண்டும்.

வெட்டிச் சேர்த்த முதல் வடிவத்தை, கதை தெரியாத ஐந்து பேரிடம் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். பிறகு இரண்டே கேள்வி: என்ன நடந்தது? எதற்கான விளம்பரம்? இந்தக் கதைக்கென்றே ஓர் ஆபத்து காத்திருக்கிறது. "முறுக்குக் கடை விளம்பரம்தானே?" என்று ஒருவர் சொல்வார். ஒருவர் சொன்னால் கவனிக்க வேண்டும், இரண்டு பேர் சொன்னால் படத்தொகுப்பைத் திருத்த வேண்டும். காரணம் பெரும்பாலும் டப்பாவுக்கும் முறுக்குக்கும் கொடுத்த நெருக்கக் காட்சிகள். தின்பண்டம் நெருக்கத்தில் அழகாக இருக்கும், ஒளிப்பதிவாளரின் கை தானாக அங்கே போகும். அவற்றை எடுத்துவிட்டு, கால் தரையைத் தொடும் காட்சிக்கு இன்னும் அரை நொடி கொடுங்கள். டப்பாவில் எந்த எழுத்தும் இருக்கக்கூடாது, சாதாரண எவர்சில்வரே போதும். முறுக்கு திரையில் முழுதாகத் தெரிவது பேத்தியின் வாயில் ஒரே ஒரு முறைதான்.

"என்ன நடந்தது என்று புரியவில்லை" என்று சொல்பவர் இருந்தால், ஒரு பின்னணிக் குரலைப் போட்டு விளக்கிவிடலாம் என்பார்கள். குரல் புதிரை விளக்கும், ஆனால் சிரிப்பைக் கொன்றுவிடும். கோளாறு அநேகமாக முதல் இரவில் இருக்கும்: கிரீச்சுக்கும் விளக்குக்கும் இடையில் இடைவெளி அதிகமாகி, ஒன்றால்தான் மற்றது என்ற தொடர்பு அறுந்திருக்கும். அந்த இடைவெளியை அரை நொடிக்குள் கொண்டுவந்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இனி எந்தெந்த இடத்துக்கு எந்த வடிவம் என்பது. யூடியூபில் தள்ளிவிடக்கூடிய விளம்பரமாகப் போட்டால் ஐந்து நொடியில் பொத்தான் வந்துவிடும். மருமகளின் தடையுத்தரவு அந்த ஐந்துக்குள் முடிவது அதனால்தான். தடை விதிக்கப்பட்டதும் அதை யார் மீறுவார் என்ற ஆவல் பிறந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் நேரத்தைப் பத்து நொடிக் கணக்கில் விற்பது வழக்கம், ஆகவே 30-க்கும் 20-க்கும் குறுக்கிய வடிவங்களைக் கேட்பார்கள். 30-இல் கூடத்தைக் கடக்கும் நடையும், முதல் இரவின் பேச்சும் போகலாம். கிரீச்சும் விளக்கும் மட்டும் இருந்தாலே விதி புரியும். 20-இல் கடைசி "மொறுக்" போய்விடும், வேறு வழியில்லை. ஆனால் எவ்வளவு குறுக்கினாலும் ஒரே கோணத்தில் வரும் இரண்டு இரவுகளில் ஒன்றை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

செங்குத்து வடிவத்துக்குப் பக்கங்களை வெட்டும்போது கட்டிலின் கால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அகலத் திரையில் ஓரமாக வைத்த தடயம் 9:16 அளவில் வெளியே போய்விடும். ஆகவே படமெடுக்கும்போதே அந்தக் கால் சட்டகத்தின் நடு மூன்றிலொரு பகுதிக்குள் விழும்படி கட்டிலை நகர்த்திக்கொள்வது நல்லது. கீழே தலைப்பும் வலப்புறம் பொத்தான்களும் மறைக்கும் என்பதால், கதவடி வெளிச்சம் சட்டகத்தின் அடியில் இல்லாமல் நடு உயரத்தில் தெரியும்படி கேமராவைத் தாழ்த்தி வைக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரம் போதும். காலும் கட்டிலின் காலும் பின்னால் கதவும் ஒரே சட்டகத்தில் வந்துவிடும்.